முதல் நேர்காணலுக்கு முன் முதல் ரேசர்: என்ன வாங்குவது, எந்த நாளில் வாங்குவது

என் முதல் நேர்காணல் ஒரு திங்கட்கிழமை காலை 10 மணிக்கு. அந்த ஊருக்கு நான் போய்ச் சேர்ந்தது ஞாயிறு மாலை. அதுவரை எனக்கென்று ஒரு ரேசர்கூட இருந்ததில்லை. மாதம் ஒருமுறை முடி வெட்டப் போகும்போது தாடியையும் அங்கேயே எடுத்துவிடுவார்கள். அன்று கடை அடைக்கும் நேரத்தில் உள்ளே ஓடி, பெட்டியில் பெரிய எழுத்தில் ஐந்து பிளேடு என்று போட்டிருந்த ரேசர், ஒரு நுரை டப்பா, காரமான ஆஃப்டர்ஷேவ், ஒரு வாசனைத் திரவியம் ஆகியவற்றை வாங்கினேன். இரவு 11 மணிக்கு மூன்று வாரத் தாடியை ஒரே மூச்சில் மழித்தேன். காலையில் கழுத்து முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். சட்டையைப் போட்டுப் பொத்தானை மாட்டியதும் கழுத்துப் பட்டையில் இரத்தம் பட்டது. அன்று கேட்ட கேள்விகளில் பாதி எனக்கு நினைவில் இல்லை. என் கை கழுத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

அடுத்த நேர்காணலுக்கு இரண்டு மாத இடைவெளி இருந்தது. அதற்குள் ஒவ்வொன்றாகக் கேட்டும் செய்து பார்த்தும் தெரிந்துகொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் நேர்காணலும் திங்கள் காலை 10 மணிக்கு என்று வைத்துக்கொண்டு நாள் கணக்கைச் சொல்கிறேன். வேறு நாளானால் அதற்கேற்ப நகர்த்திக்கொள்ளுங்கள்.

1. கடைக்குப் போகும் முன் அழைப்புக் கடிதத்தைப் படியுங்கள்

தாடியை எடுக்க வேண்டுமா, ஒழுங்குபடுத்தினால் போதுமா என்பதுதான் முதல் கேள்வி. வாங்க வேண்டிய பொருள்கள் அதைப் பொறுத்தே மாறும். சில வேலைகளில் முகம் மழித்திருப்பது பாதுகாப்பு சார்ந்த கட்டாயம். நச்சுப் புகை, தூசி, தீ ஆகியவற்றுக்கு நடுவே வேலை செய்பவர்கள் முகத்தோடு ஒட்டி நிற்கும் சுவாசக் கவசம் அணிய வேண்டும். கவசத்தின் விளிம்பு படும் இடத்தில் முடி இருந்தால் காற்று கசிந்துவிடும். அப்படிப்பட்ட வேலையானால் கடிதத்திலோ விண்ணப்பத்தின் நிபந்தனைகளிலோ ஒரு வரி இருக்கும், தேடிப் பாருங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் விளிம்பு நேராக வெட்டிய குட்டைத் தாடி பெரும்பாலான அலுவலகங்களுக்குப் பொருந்தும்.

அடையாள அட்டையில் உள்ள படத்தையும் பாருங்கள். அதில் அடர்ந்த தாடி இருந்து, நீங்கள் மழுங்கச் சிரைத்துக்கொண்டு போனால் வாசலில் சரிபார்ப்பவர் இரண்டாம் முறை உற்றுப் பார்ப்பார். அதற்காகத் தாடியை வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. இன்னொரு அடையாள ஆவணத்தையும் கையில் எடுத்துப் போங்கள். விண்ணப்பத்தில் ஒட்டப் புதிய புகைப்படம் வேண்டுமென்றால், கீழே சொல்லப்போகும் ஒத்திகைச் சவரம் முடிந்த மறுநாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

2. நாட்களைப் பின்னோக்கி எண்ணுங்கள்

என் பிழை பொருளில் இருந்ததைவிட நாளில்தான் அதிகம் இருந்தது. திங்கட்கிழமை நேர்காணலுக்குப் புதன்கிழமையே வாங்கிவிட வேண்டும். புதன் மாலை தோலில் சோதனை, வியாழன் முடிவெட்டு, வெள்ளி மாலை ஒத்திகைச் சவரம், சனி ஓய்வு, ஞாயிறு இரவு நகமும் வியர்வைத் தடுப்பும், திங்கள் காலை இறுதிச் சவரம். முடியை நேர்காணலுக்கு முந்தைய நாள் வெட்டாதீர்கள். சற்றுக் குட்டையாகப் போய்விட்டாலும் நான்கு நாளில் கண்ணுக்குப் பழகிவிடும். கத்தி பட்டுப் பிடரியில் எரிச்சல் வந்தாலும் ஆறிவிடும்.

வேறு ஊரில் நேர்காணல் என்றால் இவற்றையெல்லாம் கிளம்பும் முன் உங்கள் இடத்திலேயே முடித்துவிடுவது நல்லது. விமானத்தில் போகிறவர்கள் கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட கிரீம், ஸ்பிரே டப்பாக்களைக் கொண்டுபோகப் பல விமான நிலையங்களில் அனுமதி இல்லை. டப்பாவில் பாதிதான் இருக்கிறது என்று சொன்னாலும் ஏற்கமாட்டார்கள். டப்பாவின் கொள்ளளவைத்தான் பார்ப்பார்கள். தனியாகக் கழற்றும் பிளேடுகளையும் எடுத்துவிடுவார்கள். அவற்றை ஏற்றிவிடும் பெட்டியில் வையுங்கள்.

ஒரே ஓர் இரவுதான் மிச்சம் என்ற நிலைமை சிலருக்கு வரும். அப்போது தாடி இருந்தால் அதைப் பிளேடு போட்டு எடுக்க முயலாதீர்கள். டிரிம்மரில் 3 மில்லிமீட்டர் அளவு வைத்து முகம் முழுவதும் சமமாக வெட்டுங்கள். தொண்டைமணிக்கு இரண்டு விரல் மேலே ஒரு கோடு கற்பனை செய்து, அதற்குக் கீழே உள்ள முடியை மட்டும் டிரிம்மரில் மாட்டிய சீப்பை எடுத்துவிட்டு ஒட்ட வெட்டுங்கள். தோல் எரியாது, முகமும் திருத்தமாக இருக்கும். அந்த ஞாயிறு இரவு எனக்கு இதை ஒருவர் சொல்லியிருந்தால் போதும்.

3. ரேசர்: பிடியின் விலையைப் பார்க்காமல் மாற்றுத் தலையின் விலையைப் பாருங்கள்

கடை அலமாரியில் மூன்று வகை இருக்கும். பிடியும் பிளேடும் ஒன்றாக வார்த்த, சில தடவைக்குப் பின் எறிந்துவிடும் ரேசர். பிடி நிலைத்திருக்க, தலையை மட்டும் மாற்றும் கார்ட்ரிட்ஜ் ரேசர். ஒற்றைப் பிளேடைத் தனியாகச் செருகும் உலோக ரேசர்.

கார்ட்ரிட்ஜ் ரேசரின் பிடியை மலிவாகவே தருவார்கள். செலவு முழுவதும் அதற்குப் பின் வாங்கும் தலைகளில் இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் தலை இன்னொன்றின் பிடியில் பெரும்பாலும் பொருந்தாது. அதனால் பிடியை எடுத்ததும் பக்கத்தில் தொங்கும் மாற்றுத் தலைப் பொட்டலத்தின் விலையை அதிலுள்ள எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். தலையை 5 முதல் 7 சவரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை மழிப்பவருக்கு நான்கு தலை கொண்ட பொட்டலம் ஏறக்குறைய ஒன்றரை மாதம் வரும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபின் தான் எந்த ரேசர் மலிவு என்று தெரியும். உலோக ரேசரின் பிளேடு மிகக் குறைந்த செலவில் கிடைக்கும், ஆனால் அதைச் சரியான சாய்வில் பிடிக்கப் பல தடவை பழக வேண்டும். நேர்காணலுக்கு நான்கு நாள் இருக்கும்போது பழகத் தொடங்காதீர்கள். வேலை கிடைத்தபின் நிதானமாகக் கற்றுக்கொள்ளலாம்.

பிளேடு எண்ணிக்கை கூடினால் நல்லது என்று நானும் நம்பினேன். பல பிளேடு உள்ள தலையில் முதல் பிளேடு முடியைப் பிடித்துச் சற்றே வெளியே இழுக்கிறது. அது திரும்ப உள்ளே போகும் முன் அடுத்தடுத்த பிளேடுகள் வெட்டுகின்றன. வெட்டிய முனை தோலின் மட்டத்துக்குக் கீழே இறங்கிவிடும். தடவிப் பார்த்தால் வழவழவென்றுதான் இருக்கும். சுருண்ட முடி உள்ளவர்களுக்கு அந்தக் கூரான முனை மறுபடி வளரும்போது வெளியே வராமல் தோலுக்குள்ளேயே குத்தும். ஓரிரு நாளில் சிவந்த பருப்போல எழும்புவது அதுதான். உங்கள் முடி சுருளானது என்றாலோ முன்பு கழுத்தில் அப்படிப் புள்ளிகள் வந்திருந்தாலோ ஒரு பிளேடோ இரண்டு பிளேடோ உள்ள ரேசர் போதும். சற்றுச் சொரசொரப்பு மிச்சமிருக்கும், அதை யாரும் குறையாகப் பார்ப்பதில்லை.

4. மீதிப் பொருள்கள்

ஷேவிங் கிரீம் அல்லது ஜெல், வாசனை சேர்க்காதது, மிகச் சிறிய அளவு. ஒரு தடவைக்குப் பாதாம் பருப்பளவு போதும், ஆகவே பெரிய டப்பா தேவையில்லை. சவரத்துக்குப் பின் தடவ, ஆல்கஹால் இல்லாத மாய்ஸ்சுரைசர். ஆஃப்டர்ஷேவ் எரிவதுதான் கிருமியைக் கொல்வதற்கு அடையாளம் என்று என்னிடம் ஒருவர் சொன்னார். அந்த எரிச்சல், பிளேடு ஏற்கெனவே சுரண்டிய தோலை ஆல்கஹால் மேலும் வறட்டுவதால் வருவது. ஒரு துண்டு படிகாரம். ஒரு நகவெட்டி. ஒரு சீப்பு.

வியர்வைக்கான பொருளில் மட்டும் லேபிளைக் கவனமாகப் படியுங்கள். டியோடரண்ட் என்பது நாற்றத்தை உண்டாக்கும் பாக்டீரியாவைக் கட்டுப்படுத்தி, வாசனையால் மூடுகிறது. வியர்வையை அது நிறுத்தாது. வியர்வைத் தடுப்பான் வேறு. அதில் அலுமினிய உப்பு இருக்கும். அது வியர்வைத் துளைகளைத் தற்காலிகமாக அடைக்கிறது. பதற்றத்தில் சட்டையின் அக்குள் நனைந்துவிடும் என்பது உங்கள் கவலையானால் இரண்டாவதுதான் வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி டப்பாவில், ஒரே வரிசையில் இருப்பதால் பெரும்பாலோர் மாற்றி எடுத்துவிடுகிறார்கள்.

வாசனைத் திரவியத்தை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. நேர்காணல் அறை சிறியது, சன்னல் மூடியிருக்கும், எதிரில் இருப்பவருக்கு வாசனை ஒவ்வாமல் தலைவலி வரலாம். அந்தப் பணத்தை நல்ல மாய்ஸ்சுரைசரில் போடுங்கள்.

பரிசுப் பெட்டி என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி வைத்திருப்பதை வாங்காதீர்கள். அதில் உங்களுக்குத் தேவையானது இரண்டு இருக்கும், தோலுக்கு ஒவ்வாதது ஒன்று இருக்கும், அதை மட்டும் திருப்பித் தர முடியாது. ரசீதைப் பத்திரமாக வையுங்கள். முத்திரை உடைத்த கிரீமைக் கடைகள் பொதுவாகத் திரும்ப எடுப்பதில்லை என்பதால், காலாவதி தேதியைக் கடையிலேயே பார்த்துவிடுங்கள். மூடி திறந்த டப்பா போன்ற சிறு படமும் அதற்குள் ஓர் எண்ணும் இருக்கும். அது 12 என்றால், திறந்த நாளிலிருந்து 12 மாதம் பயன்படுத்தலாம் என்று பொருள்.

5. புதன் மாலை: முகத்தில் போடும் முன் கையில் போடுங்கள்

முழங்கை மடிப்பின் உட்புறம், கழுவிய தோலில், மாய்ஸ்சுரைசரை ஒரு நாணய அளவு தடவி விடுங்கள். மறு கையில் ஷேவிங் கிரீமைத் தடவி ஐந்து நிமிடம் வைத்துக் கழுவுங்கள். அது முகத்திலும் அவ்வளவு நேரம்தானே இருக்கப்போகிறது. வெள்ளி மாலை வரை இரண்டு நாள், காலை, மாலை இரு வேளையும் அதே இடத்தில் செய்யுங்கள். சிவப்பு, அரிப்பு, கொப்புளம் எது வந்தாலும் அந்தப் பொருளை விட்டுவிடுங்கள்.

இரண்டு நாள் ஏன் என்றால், ஒவ்வாமையில் ஒரு வகை உடனே வராது. தோல் அந்தப் பொருளை அடையாளம் கண்டு எதிர்க்கவே ஒன்றிரண்டு நாள் ஆகும். ஞாயிறு இரவு தடவியது திங்கள் காலை நன்றாக இருந்து, நேர்காணல் நாற்காலியில் அரிக்கத் தொடங்கவும் வாய்ப்புண்டு. சிலருக்கு இரண்டு நாளுக்குப் பிறகுகூட வரும். அதனால்தான் வாசனை சேர்க்காததை வாங்கச் சொன்னேன்; அழகுப் பொருள்களில் ஒவ்வாமைக்கு அடிக்கடி காரணமாவது வாசனைப் பொருளே.

6. வெள்ளி மாலை: ஒத்திகைச் சவரம்

இதைத் தவிர்க்காதீர்கள். உங்கள் முடி எந்த வாக்கில் வளர்கிறது என்று இன்றுதான் தெரிந்துகொள்ளப் போகிறீர்கள்.

முதலில் நீண்ட தாடியை டிரிம்மரால், இல்லையென்றால் கத்தரிக்கோலும் சீப்பும் கொண்டு, அரிசி நீளத்துக்குக் குறையுங்கள். நீண்ட முடி பிளேடுகளுக்கிடையே அடைத்துக்கொள்ளும். அடைத்த பிளேடு வெட்டாமல் இழுக்கும். இழுத்தால் நாம் அழுத்துவோம். அன்று என் கழுத்து அப்படித்தான் புண்ணானது.

இப்போது உலர்ந்த முகத்தில் ஒரு விரலை வைத்து நான்கு பக்கமும் தடவிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போகும் பக்கம் வாக்கு, தடுக்கும் பக்கம் எதிர்வாக்கு. கன்னத்தில் பெரும்பாலும் மேலிருந்து கீழ்தான். கழுத்தில்தான் ஏமாற்றும். எனக்குக் கழுத்தின் இடப்பக்கம் கீழிருந்து மேலாகவும் வலப்பக்கம் காதை நோக்கிச் சாய்வாகவும் வளர்கிறது. நானோ எல்லா இடத்திலும் ஒரே திசையில் இழுத்திருந்தேன். இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் எனக்கு முடி வெட்டியவர். என் கழுத்தைக் கண்ணாடியில் காட்டி, “தம்பி, இந்தப் பக்கம் முடி மேலே பார்த்து நிற்கிறது. நீங்கள் மேலிருந்து கீழே இழுத்தால் அது எதிர்வாக்கு. முகத்துக்கு ஒரு படம் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்” என்றார். வரைந்தேன். ஒரு துண்டுக் காகிதத்தில் முட்டை வடிவ முகம், அதில் ஏழெட்டு அம்புக்குறிகள். இன்றும் அது என் சவரப் பையில் இருக்கிறது. நீங்களும் வரைந்துகொள்ளுங்கள்.

குளித்து முடித்தபின் சவரம் செய்யுங்கள். இல்லையென்றால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துண்டை மூன்று நிமிடம் முகத்தில் வையுங்கள். நீர் ஏறிய முடி மென்மையாகி எளிதில் வெட்டுப்படும். கிரீமை விரலால் வட்டமாகத் தேய்த்து ஒரு நிமிடம் விடுங்கள்.

புதிய ஊரில் இங்கே ஒரு தடங்கல் வரும். தண்ணீர் உப்பாக, கடினமாக இருந்தால் கிரீம் நுரைக்காது. தயிர் திரிந்ததுபோலத் திட்டுத் திட்டாக நிற்கும். நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பொருளாகிவிடுவதே காரணம். நுரை இல்லாத இடத்தில் பிளேடு நேரடியாகத் தோலில் உரசும். ஒரு குவளை நீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, அடியில் படிந்த வெள்ளையைக் கலக்காமல் தெளிவை மட்டும் எடுத்துப் பயன்படுத்துங்கள். பல ஊர் நீருக்கு இது போதும். கொதித்தும் நுரைக்கவில்லையென்றால் குடிநீரில் ஒரு குவளை எடுத்துக்கொள்ளுங்கள். முகத்துக்கு அதற்கு மேல் தேவைப்படாது.

ரேசரை வாக்கில், விரலகல நீளத்துக்கு மட்டும் இழுங்கள். இரண்டு இழுப்புக்கு ஒருமுறை நீரில் அலசுங்கள். பிடியின் எடை போதும், அழுத்த வேண்டாம். கன்னம், கிருதா, கழுத்து என்று போய், முடி தடிப்பாக உள்ள மோவாயையும் மேல் உதட்டையும் கடைசிக்கு வையுங்கள். அவை ஊற அதிக நேரம் கிடைக்கும். தோலை விரலால் இறுக இழுத்துப் பிடிக்காதீர்கள், முடி உள்ளே போய்க் குத்துவதற்கு அதுவும் ஒரு காரணம். ஒரே இடத்தில் இரண்டாம் முறை போக வேண்டுமென்றால் மறுபடி கிரீம் தடவிவிட்டுப் போங்கள்.

குளிர்ந்த நீரில் கழுவி, துண்டால் ஒற்றி, மாய்ஸ்சுரைசர் தடவுங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் மறுநாள் காலையும் கண்ணாடியில் பாருங்கள். சிவப்பு ஒரு மணி நேரத்தில் தணிந்துவிட்டால் இறுதிச் சவரத்தைத் திங்கள் காலை வைத்துக்கொள்ளலாம். இரவு வரை நீடித்தால் ஞாயிறு மாலையே முடித்துவிடுங்கள், தோல் ஆற ஓர் இரவு கிடைக்கும். சனிக்கிழமை புள்ளிகள் எழும்பினால் அந்த இடத்தில் மறுபடி பிளேடு வைக்காதீர்கள். கன்னத்தை மட்டும் மழித்து, கழுத்தை டிரிம்மரால் ஒட்ட வெட்டிவிட்டுப் போங்கள். புள்ளியைக் கிள்ளினால் சீழ் பிடிக்கும்.

7. ஞாயிறு இரவு

நகத்தைக் குளித்தபின் வெட்டுங்கள், அப்போது மென்மையாக இருக்கும். வியர்வைத் தடுப்பானைப் படுக்கும் முன், முற்றிலும் உலர்ந்த அக்குளில் தடவுங்கள். இரவில் வியர்வை குறைவாகச் சுரப்பதால் மருந்து துளைக்குள் தங்கும். காலையில் வியர்வை ஊறும்போது தடவினால் வழிந்துபோகும். முழுப் பயன் தெரியச் சில நாள் ஆகும் என்பதால், கையில் சோதித்து ஒன்றும் ஆகவில்லையென்றால் வெள்ளி இரவிலிருந்தே தொடங்கலாம். அக்குளை மழித்த அன்றே தடவினால் எரியும்.

8. திங்கள் காலை

10 மணி நேர்காணலுக்கு 7 மணிக்குச் சவரத்தைத் தொடங்குங்கள். வெள்ளிக்கிழமை செய்த அதே முறை, அதே ரேசர், அதே கிரீம். நண்பர் தரும் புதிய லோஷனை இன்று தொடாதீர்கள். சட்டையைப் போடுவதற்கு முன்பே எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

கீறிவிட்டால் பதறாமல், சுத்தமான துணியால் மூன்று நிமிடம் எடுக்காமல் அழுத்துங்கள். பிறகு படிகாரத்தை நனைத்து அந்த இடத்தில் மெதுவாக ஒத்துங்கள். சுருக்கென்று எரிந்து இரத்தம் நின்றுவிடும். வெள்ளையாக ஒரு தடம் விடும், காய்ந்ததும் ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். கழுத்தில் கீறல் என்றால் மேலும் கால் மணி நேரம் சட்டை போடாமல் காத்திருங்கள். நகர்ந்து உரசும் கழுத்துப் பட்டைதான் ஆறிய கீறலை மறுபடி திறக்கிறது. 7 மணிக்கே தொடங்கச் சொன்னது அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான்.